ஆய்வகத் தாள் 4: பாறைச் சுழற்சிப் படத்தில் அம்புகளின் வழியே

முதலாம் ஆண்டு பி.எஸ்சி. நிலவியல்
தேவையானவை: 'அ' முதல் 'உ' வரை எழுத்திட்ட ஐந்து மாதிரிகள் உள்ள தட்டு, கைலென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பென்சில்.

படத்தை வரைதல்

நோட்டில் ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மாக்மா, இடப்பக்கம் தீப்பாறை, உச்சியில் படிவு (மணல், வண்டல், களிமண், சிப்பித் துண்டுகள்), வலப்பக்கம் மேலே படிவுப்பாறை, அதற்குக் கீழே உருமாறிய பாறை. ஐந்தையும் கட்டமிட்டுப் பின்வரும் அம்புகளை எண்ணோடு போடுங்கள்.

1. மாக்மா → தீப்பாறை: ஆறி இறுகுதல்
2. தீப்பாறை → படிவு: சிதைவு, அரிப்பு
3. படிவு → படிவுப்பாறை: புதைந்து, அமுங்கி, கனிமப் பசையால் ஒட்டுதல்
4. படிவுப்பாறை → உருமாறிய பாறை: வெப்பம், அழுத்தம்
5. உருமாறிய பாறை → மாக்மா: உருகுதல்
6. தீப்பாறை → உருமாறிய பாறை: வெப்பம், அழுத்தம்
7. உருமாறிய பாறை → படிவு: சிதைவு, அரிப்பு
8. படிவுப்பாறை → படிவு: சிதைவு, அரிப்பு

முதல் ஐந்தும் ஓரத்தைச் சுற்றி வருபவை. பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் அவற்றை மட்டுமே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் எல்லாப் பாறையும் இந்த வரிசையில் ஒரு முழுச் சுற்று வந்தாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு விடாமல் இருக்கிறது. அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எந்தக் கட்டத்திலிருந்தும் பாறை குறுக்கே போகலாம், வந்த இடத்துக்கே திரும்பலாம், நூறு கோடி ஆண்டுகள் அசையாமலும் கிடக்கலாம். ஆகவே கட்டங்களை மனப்பாடம் செய்வதைவிட அம்புகளைப் படிப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு அம்பும் ஒரு செயல். அந்தச் செயல் கல்லில் ஒரு தடயத்தை விட்டுப் போகும்.

இன்னும் ஒரு அம்பு, எண் 9: பக்கத்துக்கு வெளியே கீழிருந்து மாக்மா கட்டத்துக்குள் நுழையட்டும். மாக்மா பெரும்பாலும் பழைய மேலோட்டுப் பாறை உருகி வருவதல்ல. கவசம் மேலெழும்போது அழுத்தம் குறைந்து பகுதியாக உருகுவதில்தான் அதில் பெரும்பங்கு உண்டாகிறது. இந்த அம்பைப் போட்டதும் படம் மூடிய வட்டமாக இருக்காது.

எவரெஸ்டில் அம்புகளைத் தேடுதல்

8,849 மீட்டர் உயரத்தில் எவரெஸ்டின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் டிரைலோபைட், கடல் அல்லி போன்றவற்றின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆர்டோவிசியன் காலத்தில், அதாவது 44 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமற்ற கடலில் படிந்த சேறு அது. அம்பு 3 முடிந்த நிலையில், இன்று வரை பெரிய மாற்றமின்றி உச்சியில் நிற்கிறது.

அதற்குச் சற்றுக் கீழே, மலையேறுபவர்கள் 'மஞ்சள் பட்டை' என்று சொல்லும் பகுதி வருகிறது. அதில் முக்கியமாக இருப்பது பளிங்கு. இதுவும் ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சேறுதான். வெப்பத்தில் கால்சைட் மறுபடிகமாகிவிட்டது. இது அம்பு 4. இங்கே எதுவும் உருகவில்லை என்பதைக் கவனியுங்கள். உருமாற்றம் திட நிலையிலேயே நடப்பது. 'பாறை உருகிப் பளிங்கானது' என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

இன்னும் கீழே சிஸ்ட், அதற்கும் கீழே நைஸ். பழைய களிமண்ணும் மணலும் மேலும் சூடான நிலைகள் இவை. அந்த நைஸ்களுக்கு இடையே வெளிர்நிறக் கிரானைட் தகடுகளாகவும் நாளங்களாகவும் ஊடுருவியிருக்கிறது. மைக்கா நிறைந்த உருமாறிய பாறைகள் சுமார் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பகுதியாக உருகியதால் வந்த மாக்மா அது: முதலில் அம்பு 5, ஆறியபின் அம்பு 1. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். அதாவது, உச்சிச் சுண்ணாம்புக்கல்லோடு ஒப்பிட்டால் அடியில் உள்ள கிரானைட் மிக மிக இளையது. 'கீழே இருப்பது மூத்தது' என்ற விதி படிவு அடுக்குகளுக்கானது. ஊடுருவிய பாறையிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. உச்சியிலிருந்து அடிவரை ஒரே அடுக்கு படிப்படியாக வெந்து இறங்கியது போலத் தோன்றலாம். உண்மையில் இவை பிளவுத் தளங்கள் வழியே நழுவி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமர்ந்த தகடுகள். மேலே உள்ள சுண்ணாம்புக்கல்லே கீழே பளிங்கானது என்று சொல்லவில்லை. அம்புகளின் வெவ்வேறு கட்டங்கள் ஒரே மலைச்சரிவில் பார்க்கக் கிடைக்கின்றன, அவ்வளவுதான்.

இமயமலை அரிக்கப்படும்போது இந்த மூன்று வகைப் பாறைகளும் ஒரே ஆற்றில் ஒன்றாகக் கலக்கின்றன (அம்புகள் 2, 7, 8). கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் வங்கக் கடலின் அடியில் சுமார் 3,000 கி.மீ. நீளமுள்ள விசிறியாகப் படிந்து, உலகின் மிகப் பெரிய கடலடி விசிறியாகியிருக்கிறது. அதன் அடிப்பகுதி இப்போதே அம்பு 3-இல் இருக்கிறது.

தட்டில் உள்ள மாதிரிகள்

'அ' அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், 'ஆ' பளிங்கு. இரண்டிலும் ஒரு சொட்டு அமிலம் விட்டால் இரண்டும் நுரைக்கும், ஏனென்றால் இரண்டும் கால்சைட். ஆகவே அமிலச் சோதனை இங்கே உதவாது. லென்ஸை எடுங்கள். 'அ'-வில் சிப்பி ஓட்டின் வளைவு தெரியும். 'ஆ'-வில் சர்க்கரைக் கட்டியைப் போல ஒன்றோடொன்று பின்னிய மணிகள். ஓட்டின் சுவடே இராது. அம்பு 4 அதை அழித்துவிட்டது.

'இ' கன்னியாகுமரிக் கடற்கரை மணல். வெள்ளைத்தாளில் கொஞ்சம் பரப்பிப் பாருங்கள்: கண்ணாடி போன்றவை குவார்ட்ஸ், கருமணிகள் பெரும்பாலும் இல்மனைட், சிவப்பும் ஊதாவுமாக இருப்பவை கார்னெட். இவ்வளவு கார்னெட் பெரும்பாலும் உருமாறிய பாறைகளிலிருந்தே வரும். தென்கோடியின் கோண்டலைட்டும் நைஸும் அதன் மூலம். கிரானைட்டைத் தொடாமலே மணல் பிறந்ததற்கு இதுவே சாட்சி. அம்பு 7.

'ஈ' நைஸ். வெளிர் பட்டைகள் சில இடங்களில் தடித்து, மடிந்து, ஓரத்தில் கரும்மைக்கா ஒதுங்கியிருப்பதைக் கவனியுங்கள். அம்பு 5 தொடங்கிய உடனே நின்றுபோன பாறை இது. மிக்மடைட் என்பது பெயர். கட்டத்துக்குள் அடைக்காதீர்கள், அம்பின் மேலேயே எழுதுங்கள்.

'உ' பல்லாவரத்துச் சார்னோகைட். எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை, நீலம் ஓடிய குவார்ட்ஸ். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலந்து அவர் பெயரை இதற்கு வைத்தார். ஹாலந்து இதைத் தீப்பாறை என்றே கொண்டார். பின்னர் வந்தவர்கள், மேலோட்டின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் உருமாறியது என்று காட்டினார்கள். மாக்மாவிலிருந்தே நேராகப் படிகமான சார்னோகைட்டுகளும் உலகில் உண்டு. எனவே பெயரைக் கேட்டதும் கட்டத்தைச் சொல்லிவிட முடியாது.

பயிற்சி (வெள்ளிக்கிழமை ஆய்வக நேரத்துக்குள் நோட்டில்)

அ. ஐந்து மாதிரிகளையும் உங்கள் படத்தில் உரிய இடத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில் கண்ணால் கண்ட ஒரு தடயத்தை எழுதுங்கள். புத்தக வரையறை வேண்டாம்.

ஆ. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு சிர்க்கான் மணி கிடைத்தது. அது இருந்த பாறையோ அதைவிடப் பல கோடி ஆண்டுகள் இளைய, உருமாறிய கூழாங்கற்பாறை. சிர்க்கான் மாக்மாவில் படிகமானது என்று கொண்டு, அந்த மணி கடந்த அம்புகளை எண்களால் வரிசைப்படுத்துங்கள்.

இ. அதே மணி இடையில் எங்காவது அம்பு 5-ஐக் கடந்திருக்குமா? உங்கள் விடைக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.