அறுபதாம் பிறந்தநாளில் அப்பா எழுதுவது

பெரியவனுக்கும் பாப்பாவுக்கும்,

நான் பிறந்த விசுவாவசு வருஷம் மறுபடி வந்து, அறுபதும் முடிந்தது. திருக்கடையூரில் கல்யாணம் வைக்கலாம் என்கிறீர்கள். சரி, ஆனால் ஊருக்கெல்லாம் பத்திரிகை வேண்டாம்.

சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்தால் வராது என்று நினைத்தே கொடுங்கள். அப்படிக் கொடுத்ததால்தான் உங்கள் சித்தப்பா இன்றும் நம் வீட்டில் உரிமையோடு சாப்பிடுகிறார். ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் போடாதீர்கள், நானே கேட்டாலும்.

உழைத்தால் உயரலாம் என்பது பாதி உண்மை. என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் பழைய நாற்காலியிலேயே ஓய்வு பெற்றார்கள். அப்புறம், அம்மாவோடு போட்ட சண்டைகளில் யார் பக்கம் நியாயம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவள் பேசாமல் இருந்த நாட்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

மயிலாடுதுறைக்கு இப்போதே டிக்கெட் போடுங்கள். அங்கிருந்து பஸ் இருக்கிறது.

அப்பா