விடுப்பு விண்ணப்பம்: 10.11.2025 முதல் 23.11.2025 வரை

அன்புள்ள மேனேஜர் சார்,

வணக்கம். நேற்று மாலை வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் பிசகிவிட்டது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு முறியவில்லை, தசைநார்தான் கிழிந்திருக்கிறது என்று சொல்லிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் கொடுத்த சான்றிதழைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். 10.11.2025 திங்கள் முதல் 23.11.2025 ஞாயிறு வரை 14 நாள் ஓய்வு என்று எழுதியிருக்கிறார். முடியும் தேதியின் மேலேயே முத்திரை விழுந்துவிட்டதால் போட்டோவில் 23 என்பது 28 மாதிரி தெரியும், பக்கத்திலேயே "14 நாள்" என்று இருப்பதைப் பாருங்கள் சார். காலை ஊன்றக் கூடாது, உட்காரும்போது தலையணை வைத்து உயர்த்தி வைக்க வேண்டும், நீண்ட நேரம் நிற்கவே கூடாது என்பது அவர் ஆலோசனை. நம் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுதானே ஆக வேண்டும், அதனால்தான் இடையில் வந்து பார்க்கிறேன் என்றுகூட சொல்ல முடியவில்லை.

21-ஆம் தேதி மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என்ன சொல்கிறாரோ அதை உடனே தெரிவிக்கிறேன், சரி என்றால் 24 திங்கள் காலை வேலைக்கு வந்துவிடுவேன், அசல் சான்றிதழையும் அப்போது தருகிறேன்.

முகூர்த்த நேரத்தில் ஆள் குறைவது எனக்கும் வருத்தம்தான். பட்டுச் சேலை ஸ்டாக் நோட்டு இரண்டாவது கவுண்டர் டிராயரில் இருக்கிறது, சனிக்கிழமை வரை எழுதி முடித்திருக்கிறேன். மருத்துவ விடுப்பாக அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்வி
சேலைப் பிரிவு
10.11.2025