முதல் சந்திப்புக்கு முன் என் அரிப்பைப் பற்றிய விவரம்

மதிப்பிற்குரிய தோல் மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் வியாழக்கிழமை காலை தங்களை முதன்முறையாகச் சந்திக்க நேரம் பெற்றிருக்கிறேன். எனக்கு வயது 54. நேரில் சொல்லும்போது எதையாவது விட்டுவிடுவேனோ என்ற கவலையால், மார்ச் மாதக் கடைசியிலிருந்து என்னை வாட்டிவரும் அரிப்பைப் பற்றி முன்னதாகவே எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். தாங்கள் என்னைப் பரிசோதிக்கும்போது இரு முன்னங்கைகளிலும் கெண்டைக்கால்களிலும் நகக்கீறல்களையும், உதிர்ந்த பொருக்குகளின் கறுத்த தழும்புகளையும் காண்பீர்கள். இடது கணுக்காலுக்கு மேலே தோல் தடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. இவையெல்லாம் சொறிந்ததால் வந்தவை. அரிப்பு தொடங்கியபோது அந்த இடங்களில் தடிப்போ, கொப்புளமோ, செதிலோ, நிற மாற்றமோ எதுவும் இல்லை. கை எட்டாத நடுமுதுகும் அரிக்கத்தான் செய்கிறது, ஆனால் அங்கே இன்றுவரை ஒரு தழும்பும் இல்லை என்று அங்கே களிம்பு தடவிவிடும் என் மகள் சொல்கிறாள். இதுவரை பார்த்தவர்கள் தழும்புகளுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். அவை எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

முதலில் கெண்டைக்கால்களில் மட்டுமே அரித்தது. ஓரிரு மாதங்களில் தொடை, முன்னங்கை, முதுகு என்று பரவியது. முகத்திலும் தலையிலும் இல்லை. பகலில் வேலையில் ஆழ்ந்திருக்கும்போது ஓரளவு மறந்திருக்க முடிகிறது. இரவு படுத்து, போர்வையின் கதகதப்பு உடலில் ஏறிய சிறிது நேரத்தில் தோலுக்கு அடியில் ஏதோ ஊர்வதுபோல் தொடங்கி, சொறியச் சொறியக் கூடி, ரத்தம் கசிந்து எரிச்சல் எடுத்த பிறகுதான் அடங்குகிறது. ஈரத்துணியை வைத்தால் அரை மணி நேரம் ஆறுதல் கிடைக்கும். வெந்நீரில் குளித்தால் அப்போதைக்குச் சுகமாக இருந்தாலும் பிறகு அதிகமாகிறது என்பதால் இளஞ்சூட்டு நீருக்கு மாறிவிட்டேன். தூக்கம் பெரிதும் கெட்டுவிட்டது.

முதலில் பார்த்த மருத்துவர் சிரங்காக இருக்கலாம் என்று பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் இரவில் தடவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் தடவச் சொன்னார். வீட்டில் அனைவரும் அப்படியே செய்தோம். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்தோம். பலன் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு வரவில்லை, எனக்கும் விரலிடுக்குகளில் எதுவும் இருந்ததில்லை. அடுத்துப் பார்த்த மருத்துவர் கொடுத்த செட்ரிசின் மாத்திரை உறக்கத்தை வரவழைத்ததே தவிர அரிப்பைக் குறைக்கவில்லை. ஸ்டீராய்டு களிம்பு தடவிய இடத்தில் சில நாட்கள் தணிந்து, நிறுத்தியதும் திரும்பியது. தோலை அதன் இயல்பான நிலையில் தாங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அதை இரண்டு வாரங்களாகத் தடவவில்லை. மணமில்லாத ஈரப்பத களிம்பு மட்டும் பூசுகிறேன்.

இன்னொரு விவரம் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக டெல்மிசார்டான் மட்டும் எடுத்துவந்தேன். பிப்ரவரியில் அதனுடன் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே அரிப்பு தொடங்கியது. இது தற்செயலாகவும் இருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதால் இன்றும் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். இவற்றுக்கிடையே தொடர்பு உண்டா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, கிரியேட்டினின், கல்லீரல் செயல்பாடு, தைராய்டு ஆகியவை இயல்பு என்று வந்தன. ஹீமோகுளோபின் 11.2 என்று சற்றுக் குறைவாக இருந்தது. உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைச் செய்யவில்லை. காய்ச்சலோ, இரவில் வியர்த்துக் கொட்டுவதோ, எடை குறைவதோ, கழுத்திலோ அக்குளிலோ கட்டியோ இல்லை. உள்ளுறுப்பு நோய்களாலும் இப்படி அரிக்கலாம் என்று படித்ததிலிருந்து மனத்தில் ஓர் அச்சம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அப்படி ஏதேனும் இருக்கக்கூடும் என்று கருதினால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இரவு நேரச் செட்ரிசினை இன்னும் எடுத்துவருகிறேன். தோலில் ஊசியால் குத்திச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனை தேவைப்பட்டால் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டேன். நிறுத்த வேண்டுமானால் எப்போதிலிருந்து என்று தங்கள் வரவேற்பறை வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், தடவிய களிம்புகளின் குழாய்கள் அனைத்தையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வியாழக்கிழமை காலை முதல் நேரம் பெற்றுள்ள நோயாளி