உவர்மலை வீடு: சமையல் முறை

மச்சான்மார், நேற்றும் மீன் சட்டி சிங்குக்குள்ளேயே கிடந்து, காலமை வீடெல்லாம் ஒரே வெடில். இப்பிடிச் செய்வமா?

இரவுச் சாப்பாடு மட்டும் சேர்ந்து சமைப்பம். திங்களும் வியாழனும் நான், செவ்வாயும் சனியும் சுதன், புதனும் ஞாயிறும் ரமீஸ். வெள்ளி கடையில கொத்து, அவரவர் காசு. சுதன், சோறும் பருப்பும் ஒரு சம்பலும் எண்டாலே காணும். ஆனா நூடில்ஸ் கணக்கில வராது!

சமைக்கிறவர் சட்டி கழுவத் தேவையில்லை. அடுத்த முறைக்காரர் அண்டிரவே கழுவி வைக்கோணும். தான் சமைக்கப்போற குசினியெண்டா ஒழுங்காக் கழுவுவார்தானே. சாப்பிட்ட கோப்பை அவரவர் பாடு. இறைச்சி ஹலால் கடையில மட்டும் வாங்குவம்.

பாத்ரூமும் முத்தமும் கிழமைக்கொருத்தர், இந்தக் கிழமை நான் தொடங்கிறன். கேஸ், தேங்காய், அரிசி மூண்டாப் பிரிப்பம். பில்லை பிரிட்ஜில ஒட்டுங்கோ.

ரமீஸ், நைட் டியூட்டி விழுந்தா முதல்நாளே சொல்லு, நாள் மாத்துவம். சரியில்லாட்டி இண்டைக்கு இரவுக்குள்ள சொல்லுங்கோ, திங்கள்ல இருந்து தொடங்குவம்.