ரேகை விழல
குறும்படக் கதைச்சுருக்கம் – தயாரிப்பாளர் பார்வைக்கு

14 நிமிடம். 11 காட்சி. தூத்துக்குடி வட்டாரத் தமிழ். மூன்று லொக்கேஷன், மூன்று முக்கிய நடிகர்கள், மூன்று நாள் படப்பிடிப்பு. மொத்தச் செலவு ₹6.2 லட்சம்.

ஒருவரிக் கதை: உப்பளத்தில் ரேகை தேய்ந்த தாய், ரேஷன் அட்டையில் தன் பெயரைக் காப்பாற்ற ஐந்து நாள் வேலைக்குப் போகாமல் விரலை ஆறவிடுகிறாள். அவளுக்குப் பதிலாக மகள் அளத்துக்குப் போகிறாள். கடைசி நாளில் தாயின் ரேகை விழுகிறது, மகளுடையது விழவில்லை.

கதை: மே மாதம், முள்ளக்காடு. முத்துக்கனிக்கு வயது 46, இருபது வருடமாக உப்பு வாருகிறாள். கணவன் இல்லை. அட்டையில் அவளும் மகள் செல்வமாரியும் மட்டும். மாதாமாதம் அரிசி வாங்க யாராவது ஒருவர் விரல் வைத்தால் போதும் என்பதால், பள்ளிக்கூடம் படிக்கும் நாளிலிருந்தே கடைக்குப் போவது மகள்தான். தாயின் விரல் தேய்ந்த விஷயம் அதனாலேயே இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இப்போது அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து ரேகை பதிய வேண்டும். தேதிக்குள் பதியாதவர் பெயர் அடிபடும், அவர் பங்கு அரிசியும் போகும் என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

குடும்பத் தலைவி என்று முத்துக்கனி முதலில் விரல் வைக்கிறாள். விற்பனையாளர் பொன்ராஜ் தன் தோள் துண்டாலேயே அவள் விரலைத் துடைத்துவிடுகிறார். "யக்கா, அழுத்தாதீய. சும்மா வைங்க." கட்டைவிரலில் தொடங்கிப் பத்து விரலும் வைத்தாயிற்று. பத்துக்கும் திரையில் ஒரே வரி: ரேகை பொருந்தவில்லை. கருவிழி பார்க்கும் கருவி பழுதாகி வெளியே போயிருக்கிறது, தேதிக்குள் திரும்பாது. பின்னால் வரிசை சத்தம் போடுகிறது. மகள் விரல் வைக்கப் போகும்போது சர்வர் படுத்துவிடுகிறது. பொன்ராஜ் வழி சொல்கிறார்: "அஞ்சு நாள் உப்புல கை வைக்காதீய. தேங்கா எண்ணெயத் தேய்ங்க, விரல் தெளியும். கடைசி நாளு ரெண்டு பேரும் சேந்தே வாங்க." செல்வமாரி சிரிக்கிறாள்: "என் விரலுக்கு என்ன, எப்ப வச்சாலும் விழும்." படத்தின் முடிவு இந்த வசனத்தில்தான் ஒளிந்திருக்கிறது. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அழுத்திச் சொல்லக் கூடாது.

ஐந்து நாள் லீவு என்பது உப்பளத்தில் நடக்காத காரியம். இது வாரும் பருவம். கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் நிற்கிறது. அவர் கோபக்காரர் இல்லை, கணக்காகப் பேசுகிறார்: ஆள் அனுப்பு, இல்லையென்றால் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன். தாய் முடியாது என்கிறாள். மறுநாள் விடிய மூன்று மணி நேரம் இருக்கையிலேயே மகள் அம்மாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். பிளஸ் டூ எழுதி முடிவுக்குக் காத்திருக்கும் பெண். அளத்துக்குள் கால் வைக்காமல் வளர்த்த பெண்.

நடு ஆறு நிமிடம் இரண்டு ஜோடிக் கைகளின் கதை. வீட்டில் முத்துக்கனி இரண்டு கையிலும் எண்ணெய் தடவி, பாலிதீன் பையைப் போட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பாத்திரம் கழுவ முடியாது, துணி துவைக்க முடியாது. அவளுக்கு இப்படி உட்கார்ந்து பழக்கமில்லை. அளத்தில் செல்வமாரி பாத்தியில் இறங்கி வாருபலகை இழுக்கிறாள், உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறாள், திரும்பி வந்து அம்மா கழுவ முடியாத பாத்திரத்தையும் கழுவுகிறாள். மூன்றாம் நாள் விரல் நுனிக் கொப்புளம் உடைந்து உப்புத் தண்ணீர் ஏறுகிறது. வீட்டில் சொல்லவில்லை. அன்றிரவு முதல்முறையாகச் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுகிறாள். தாய் ஸ்பூனைப் பார்க்கிறாள். "ஏட்டி, என்ன புதுசா?" "சூடா இருக்கும்மா." சோறு பழையது. அதற்கு மேல் பேச்சில்லை. விவரமான பார்வையாளர் இந்த இடத்திலேயே முடிவை ஊகிப்பார். அதனால் நட்டமில்லை; அதற்குப் பிறகுதான் அவருக்குப் பதற்றம் கூடும்.

முடிவு: கடைசித் தேதி, கடை மூட அரை மணி. முத்துக்கனி பையைக் கழற்றி விரல் வைக்கிறாள். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுகிறது. வரிசையில் நின்ற பெண்கள் சிரிக்கிறார்கள், பொன்ராஜ் மகளைக் கூப்பிடுகிறார். செல்வமாரி விரலை வைக்கிறாள். ரேகை பொருந்தவில்லை. அடுத்த விரல். அடுத்தது. பொன்ராஜ் துண்டை எடுத்து அவள் விரலைத் துடைக்கப் போகிறார், நுனித் தோலைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிறார். தாய் மகளின் கையைத் திருப்பிப் பார்க்கிறாள். அழுகை இல்லை, வசனம் இல்லை. தன் கையிலிருந்து கழற்றிய பாலிதீன் பையை, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு, மகள் கையில் மாட்டி ரப்பர் பேண்டைப் போடுகிறாள். கடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது: "அடுத்த ஆளு வாங்க." கட்.

எப்படி எடுக்கிறோம்: பின்னணி இசை கிடையாது. வாருபலகை உரசும் சத்தம், மெஷினின் பீப், ரப்பர் பேண்ட் சுண்டும் ஒலி, இவைதான் இசை. ஆகவே சிங்க் சவுண்டில் கை வைக்கக் கூடாது. சவுண்டுக்கு ஒதுக்கிய ₹85,000-ஐக் குறைத்தால் படம் நிற்காது. செலவில் பெரியது கேமரா, லென்ஸ், லைட்டுக்கு ₹1.35 லட்சம், அடுத்தது பயணம், தங்கல், சாப்பாட்டுக்கு ₹1.3 லட்சம். எதிர்பாராச் செலவுக்கு ₹40,000 ஒதுக்கியிருக்கிறது.

அளத்துக் காட்சிகள் காலை 5:30 முதல் 8:00, மாலை 4:30 முதல் வெளிச்சம் இருக்கும் வரை மட்டும். நடுப்பகலில் வெள்ளை உப்பில் வெயில் அடித்துத் திரும்பும், முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் எல்லாம் வெளுத்துப்போகும். அந்த நேரத்தில் வீட்டுக் காட்சிகளை எடுப்போம். டிரைபாட் காலை உப்புத் தண்ணீரில் நேராக ஊன்றினால் பூட்டு துருப்பிடித்து இறுகும்; மரப்பலகை போட்டு, தினமும் நல்ல தண்ணீரில் கழுவ ஒரு ஆள் கணக்கில் இருக்கிறார். துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்தில் இருப்பதால் டிரோன் ஷாட் எழுதவே இல்லை. ரேஷன் கடை அசல் கடை அல்ல, ஒரு பழைய சொசைட்டி அறையில் செட்; மெஷினும் டம்மிதான். செல்வமாரிக்குக் கதையில் வயது 17, நடிப்பவர் 18 தாண்டியவராகத்தான் இருப்பார், கொப்புளம் முழுக்க மேக்கப். பின்னணியில் வாரும் பெண்கள் நிஜத் தொழிலாளர்கள், அவர்களுக்கு அன்றைய கூலி போகாமல் அதற்கு மேல் கொடுக்கிறோம்.

செப்டம்பர் தாண்டினால் மழைக்கு முன்னே அம்பாரத்தை ஓலை போட்டு மூடிவிடுவார்கள், பாத்தியில் உப்பு இருக்காது. அடுத்த வருடம் பருவம் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு அளத்துக்காரரிடம் வாய்மொழியாகத் தேதி வாங்கியாயிற்று. ஜூலை 15-க்குள் அட்வான்ஸ் ₹2 லட்சம் வந்தால் அந்தத் தேதி நிற்கும்.