2024–25 ஆண்டு மதிப்பீட்டுப் படிவம்: 4ஆம் லைன் சூப்பர்வைசருக்கான தமிழ்ச் சுருக்கம்

திருப்பூர்
9 மே 2025

வணக்கம் அக்கா,

உங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக இதை எழுதித் தருகிறேன். புரொடக்‌ஷன் மேனேஜரும் ஃபேக்டரி மேனேஜரும் எழுதியதுதான் இதில் இருக்கிறது, என் சொந்தக் கருத்து இல்லை. அவர்கள் விரித்து எழுதிய இடத்தில் நானும் விரித்திருக்கிறேன், ஒரே வரியில் முடித்த இடத்தில் ஒரே வரிதான். மொத்தமாகப் பார்த்தால் படிவத்தில் பாராட்டு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குறை ஒரு பங்கு. ஆனால் அந்த ஒரு பங்கில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது. அதனால் குறை கொஞ்சம்தானே என்றும் நினைக்க வேண்டாம், எல்லாமே குறை என்றும் நினைக்க வேண்டாம்.

முதலில் மதிப்பெண். 5க்கு மொத்தம் 3.5. போன வருடம் 3.4. படிவத்தின் கணக்குப்படி 3.0 முதல் 3.9 வரை "எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறார்" என்ற வகை, 4.0க்கு மேல் "எதிர்பார்ப்பை மிஞ்சுகிறார்". நீங்கள் முதல் வகையில் இருக்கிறீர்கள். 0.1 தானே கூடியிருக்கிறது, அப்படியே இருக்கிறோம் என்று தோன்றும். உள்ளே அப்படி இல்லை. தரத்தில் 4 இருந்தது 5 ஆகியிருக்கிறது. ஆட்களை நடத்துவதில் 3 இருந்தது 2 ஆகியிருக்கிறது. மற்ற மூன்றும் போன வருடம் போலவே: உற்பத்தி 3, வருகை 4, பாதுகாப்பும் பதிவேடுகளும் 3. தரத்துக்கு 30 சதவீத எடை, ஆட்களுக்கு 20 சதவீதம். அதனால்தான் ஒன்று ஏறி ஒன்று இறங்கியும் மொத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

தரம்: 5

படிவத்திலேயே நீளமான பகுதி இதுதான். லைன் கடைசியில் செக்கிங்கில் பிடிபடும் குறைகள் ஏப்ரலில் 100 பீஸுக்கு 9 இருந்தன, மார்ச்சில் 4க்கு வந்துவிட்டன. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன 14 ஆர்டர்களில் 13 முதல் தடவையிலேயே பாஸ். அதற்கு முந்தைய வருடம் 15க்கு 11.

ஆகஸ்டில் நடந்த ஒரு விஷயத்தை மேனேஜர் தனியாக எழுதியிருக்கிறார். குழந்தைகள் ராம்பர் ஆர்டரில் கழுத்து ரிப் துணியும் உடல் துணியும் லேசாக ஷேட் மாறியிருந்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒரு பண்டலை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு லைனை நிறுத்தினீர்கள். 40 நிமிடம் வேலை நின்றது. அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். தைக்காமல் தப்பிய பீஸ் 1,100. "அந்த 40 நிமிடத்தை உற்பத்திக் கணக்கில் கழிக்கவில்லை, கழிக்கவும் கூடாது" என்பது அவர் வாசகம். "வேறு சூப்பர்வைசராக இருந்தால் தைத்து முடித்த பிறகுதான் சொல்லியிருப்பார்" என்று அடுத்த வரியும் இருக்கிறது.

இதே பகுதியில் ஒரு குறையும் உண்டு, ஒரே வாக்கியம். நவம்பரில் ஃபெயில் ஆன ஆர்டர்: 3,600 பீஸ் லாட், 200 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள், ஏ.க்யூ.எல். 2.5 கணக்குப்படி 10 வரை விடலாம், 13 வந்தது. பெரும்பாலும் கழுத்து பேட்லாக்கில் தையல் விட்டுப்போனது. "மிஷின் செட்டிங்கை ஸ்டைல் மாறிய அன்றே சரிபார்த்திருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை.

ஆட்களை நடத்துவது: 2

இந்தப் பகுதியை இரண்டு மூன்று முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். படிவத்தில் உள்ள வார்த்தை "நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்". அதாவது சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். "மோசம்" என்பதற்கு 1 மதிப்பெண், அது வேறு. 2 என்பதை 1 ஆக நான் சொல்லக்கூடாது, 3 ஆகவும் சொல்லக்கூடாது.

மேனேஜர் ஆரம்பிப்பது பாராட்டில்தான். இந்த வருடம் ஆறு கைமடிகளுக்கு நீங்களே ஓவர்லாக் கற்றுக்கொடுத்து டைலர் ஆக்கியிருக்கிறீர்கள். ஃபேக்டரியில் வேறு எந்த லைனிலும் இரண்டு பேருக்கு மேல் இல்லை. "கற்றுக்கொடுப்பதில் அவருக்கு இணை இல்லை" என்று எழுதியிருக்கிறார். இதைப் படிவத்தில் உள்ளபடியே சொல்கிறேன், அடுத்து வருவதை மென்மையாக்குவதற்காகச் சேர்த்தது அல்ல.

அடுத்து வருவது இது. 42 பேர் கொண்ட உங்கள் லைனில் இருந்து வருடத்தில் 9 பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற லைன்களின் சராசரி 5. போகும்போது காரணம் கேட்டு எழுதிவைப்போம் இல்லையா, அதில் 9 பேரில் 4 பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுத் திட்டுகிறார். அந்த நாலு பேரில் மூன்று பேர் ஒடிசாவில் இருந்து வந்தவர்கள். தமிழ் முழுதாகப் புரியாதவர்களுக்கு வார்த்தை போய்ச் சேர்வதற்குள் குரல் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று மேனேஜர் எழுதியிருக்கிறார்.

ஃபேக்டரி மேனேஜரும் தன் பக்கத்தில் இதையே மறுபடி எழுதியிருக்கிறார். ஆறு பக்கத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்ன குறை இது ஒன்றுதான். அவர் வாசகம் இப்படி: "தரத்தில் அவர் காட்டும் அதே பொறுமையை ஆட்களிடமும் காட்ட முடியும். முடியாதவர் அல்ல என்பதால்தான் எழுதுகிறேன்."

இதே பெட்டியில் "சக சூப்பர்வைசர்களுடன் அணுகுமுறை சரியில்லாத சில சமயங்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்தச் சமயம், யாருடன் என்று இல்லை. நானும் ஊகித்து எதையும் சேர்க்கவில்லை. விவரம் வேண்டுமென்றால் நேரில் உட்காரும்போது நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

உற்பத்தி: 3

இலக்கு 62 சதவீத எஃபிஷியன்ஸி, வந்தது 58. வருடத்தில் உங்கள் லைனுக்கு 31 தடவை ஸ்டைல் மாறியது, சின்னச் சின்ன ஆர்டர்கள் அதிகம் உங்களுக்குத்தான் வந்தன என்பதை மேனேஜர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது "ஓரளவுக்கு" காரணம் என்றுதான் எழுதியிருக்கிறார், முழுக் காரணம் என்று எழுதவில்லை. ஸ்டைல் மாறும் நாளில் முதல் பீஸ் வெளியே வர மற்ற லைன்களைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது என்பது அவர் சொல்லும் மீதிக் காரணம். தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு சிப்மென்ட்டையும் நேரத்துக்கு முடித்ததைப் பாராட்டியிருக்கிறார்.

வருகை: 4

விடுப்பு 7 நாள், எல்லாம் முன்கூட்டியே சொன்னது. தாமதம் ஒரு நாளும் இல்லை. வேறு எதுவும் எழுதவில்லை.

பாதுகாப்பும் பதிவேடுகளும்: 3

மணிக்கணக்கு போர்டு வருடம் முழுவதும் விடாமல் எழுதப்பட்டிருக்கிறது, ஆடிட்டர்களுக்கு முதலில் காட்டுவது உங்கள் போர்டைத்தான் என்று இருக்கிறது. குறை, ஊசி ரிஜிஸ்டரில். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து டேப் போட்டு ஒட்டி எழுத வேண்டும். ஜனவரியில் மூன்று நாள் பக்கம் காலி. குழந்தைகள் துணி ஓடிய நாட்கள் அவை. பீஸ் எல்லாம் மெட்டல் டிடெக்டர் தாண்டித்தான் போயிருக்கிறது, வெளியே எதுவும் போகவில்லை. ஆனாலும் பையர் ஆடிட்டில் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

நீங்கள் உங்களுக்குப் போட்ட மதிப்பெண்

உங்கள் பகுதியை நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் நிரப்பினேன், ஞாபகம் இருக்கும். தரம் 5, மற்ற நான்கும் 4, மொத்தம் 4.3. தரத்திலும் வருகையிலும் இரண்டு பேர் மதிப்பெண்ணும் ஒன்றுதான். உற்பத்தியிலும் பதிவேட்டிலும் ஒரு புள்ளி வித்தியாசம். ஆட்கள் விஷயத்தில் உங்கள் 4, அவர்கள் 2. பேச வேண்டிய இடம் அதுதான் என்று படிவத்திலேயே பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

பரிந்துரைகள்

ஜூலையில் சூப்பர்வைசர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்கு உங்கள் பெயர் போயிருக்கிறது. தண்டனையாக இல்லை, ஐந்து சூப்பர்வைசர்கள் போகிறார்கள். ஃப்ளோர் இன்சார்ஜ் பதவிக்கு இந்த வருடம் பரிந்துரை இல்லை. அதே வரியில் "ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், தரத்தில் முதல் தேர்வு இவரே" என்றும் இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்துப் படியுங்கள் அக்கா. ஒரு பாதியை மட்டும் கேன்டீனில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சம்பள உயர்வு பற்றி இந்தப் படிவத்தில் ஒன்றும் இல்லை, அது தனிக் கடிதமாக வரும்.

கையெழுத்து

கடைசிப் பக்கத்தில் நீங்கள் போடும் கையெழுத்துக்கு "படித்துத் தெரிந்துகொண்டேன்" என்று மட்டும்தான் அர்த்தம். ஒத்துக்கொண்டதாக ஆகாது. கையெழுத்துக்கு மேலே அரைப் பக்கம் உங்கள் கருத்துக்காகக் காலியாக இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். ஸ்டைல் மாற்றம் பற்றியோ, அந்த நாலு பேர் சொன்னதைப் பற்றியோ உங்கள் பக்கத்து நியாயம் இருந்தால் அங்கே எழுதுங்கள். எழுதியது படிவத்தோடு ஃபைலில் இருக்கும்.

16ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும். அதற்கு முன்னால் புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் 5.30 மணிக்கு மேனேஜருடன் உட்கார நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நானும் இருப்பேன். ஆங்கிலப் படிவத்தின் நகலை இதோடு பின் செய்திருக்கிறேன். உங்கள் மகள் படிப்பாள் என்று சொன்னீர்கள், ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதியதில் எங்காவது மாறியிருந்தால் அந்த வரியைக் கோடு போட்டு எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
எச்.ஆர். பிரிவு