கிடங்கு மேலாளர் பொறுப்புக்கான பதவி உயர்வு: தேர்வுக் குழுவின் முன் வைக்கும் விளக்கவுரை

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதல் கிடங்கின் மேற்பார்வையாளராகிய நான், மேலாளர் பொறுப்புக்கு என்னைப் பரிசீலிக்கக் கோருகிறேன். இக்கோரிக்கைக்கு அடிப்படையாக நான் முன்வைப்பது ஒரே ஒரு விளைவைத்தான்: பொருள் மாறி அனுப்பப்பட்ட ஆர்டர்கள் குறைந்தது. மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதங்களில் 42,000 ஆர்டர்களில் 1,260 தவறாகப் போயின. அண்மைய ஆறு மாதங்களில் 41,500இல் 415 மட்டுமே தவறின. அதாவது 3 சதவீதமாக இருந்த பிழை 1 சதவீதமாகியுள்ளது. இவ்வெண்கள் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பொருள்களின் பதிவேட்டிலிருந்து கணக்குப் பிரிவு எடுத்துத் தந்தவை. நான் தொகுத்தவை அல்ல.

பிழை எங்கே பிறக்கிறது என்பதை அறிய, அந்த 1,260 பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். எடுத்துக்காட்டாக, 6204, 6205 என்னும் பேரிங்குகளின் உள்விட்டம் முறையே 20 மி.மீ., 25 மி.மீ.; ஆனால் அவை வரும் பெட்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், எண் வரிசைப்படி அடுக்கியதால் பக்கத்துப் பக்கத்திலேயே கிடந்தன. அவசரத்தில் கைநீட்டுபவர் மீது குற்றம் சொல்வது நியாயமாகாது என்று அப்போதே உறுதியாகத் தோன்றியது. ஆகவே ஒன்றுபோல் தோன்றும் பொருள்களை வெவ்வேறு ரேக்குகளுக்கு மாற்றினோம். 504 பிழைகள் ஷிப்ட் மாறிய முதல் ஒரு மணி நேரத்தில் நேர்ந்திருந்ததால், பாதியில் நிற்கும் ஆர்டர்களை எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறும் முறையையும் கொண்டுவந்தோம்.

குறைந்த பிழை முழுவதும் இந்த மாற்றங்களால் விளைந்தது என்று நான் உரிமை கோரவில்லை. அதே காலத்தில் கொள்முதல் பிரிவு இரு கிடங்குகளுக்கும் பார்கோடு ஸ்கேனர்களை வழங்கியது. ஸ்கேனர் மட்டும் வந்து, அடுக்கும் முறை மாறாத இரண்டாம் கிடங்கில் பிழை 3.1 சதவீதத்திலிருந்து 2.2 ஆனது. அந்த 0.9 புள்ளியைக் கழித்தால், எங்கள் மாற்றங்களின் பங்கு 1.1 புள்ளி, அரையாண்டுக்குச் சுமார் 450 ஆர்டர்கள். இதைச் செய்து காட்டியவர்கள் பதினொரு ஊழியர்கள். ரேக்குகளை மாற்றியமைக்க அவர்கள் இரண்டு வார இறுதிகளைக் கொடுத்தார்கள்.

எட்டாத இலக்கும் ஒன்று உண்டு. இருப்புக் கணக்குத் துல்லியம் 99 சதவீதமாக வேண்டும் என்று ஏற்றிருந்தேன், 98.2 வரைதான் வந்தது. திரும்பி வரும் பொருள்கள் அன்றே பதிவாகாததே முதன்மைக் காரணம். அப்பதிவு வேறு பிரிவின் வசம் இருப்பதால், மேற்பார்வையாளர் நிலையில் என்னால் அதை மாற்ற இயலவில்லை.

மேலாளர் பொறுப்பு அளிக்கப்பட்டால், முதல் ஆறு மாதங்களில் இரண்டாம் கிடங்கின் பிழையை 2.2 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைப்பதையும், திரும்பி வரும் பொருள்களை அன்றே பதிவு செய்வதையும் என் மதிப்பீட்டு அளவுகோல்களாக இப்போதே ஏற்கிறேன். பதிவேட்டின் நகல்கள் உறுப்பினர்களின் கோப்புகளில் உள்ளன. எந்த எண்ணைப் பற்றிக் கேட்டாலும் விளக்கத் தயாராக இருக்கிறேன்.